பால் கொடுக்கும் இடைவேளை தாளில் இருந்தால் போதுமா, பாப்பா எங்கே இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டும்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 80 பேர், பெண்கள் 9 பேர்தான். இ.எஸ்.ஐ. கிடையாது. பாப்பா மார்ச் 10 பிறந்தாள், விடுப்பு முடிந்து ஜூலை 28 சேர வேண்டும். ஹெச்.ஆர். சொல்வது இது: "சாப்பாட்டு நேரத்தில் போய் பால் கொடுத்துக்கோங்க, அதுக்கு மேல போனா பெர்மிஷன் போடுங்க, காப்பகம் எல்லாம் 50 பெண்கள் இருந்தாத்தான்." வீடு வண்டியில் 40 நிமிடம், அம்மா பார்த்துக்கொள்கிறார். என்ன கேட்கலாம்?

மூன்றும் தவறு. ஆனால் மூன்றும் ஒரே அளவுக்குத் தவறு இல்லை, அதனால் ஒவ்வொன்றாக வருகிறேன். நான் பதினைந்து வருடமாகச் சம்பளப் பட்டியலும் தொழிலாளர் சட்டக் கோப்புகளும் பார்க்கிற ஆள். இந்தப் பேச்சை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம் உட்கார்ந்தும் கேட்டிருக்கிறேன்.

முதலில் சட்டத்தின் பெயர். ஹெச்.ஆர். அநேகமாக 1961-ஆம் வருட மகப்பேறு பலன் சட்டத்தை மனதில் வைத்துப் பேசுவார். 2025 நவம்பர் 21-இல் இருந்து அந்த இடத்துக்கு 2020-ஆம் வருட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, நமக்கு வேண்டிய விஷயங்கள் எண் மாறி அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பழைய பிரிவு 11 (பாலூட்டும் இடைவேளை) இப்போது 66. பழைய 11ஏ (காப்பகம்) இப்போது 67. சம்பளம் பிடிக்கக் கூடாது என்ற பழைய 13 இப்போது 69. மின்னஞ்சலில் இந்த மூன்று எண்களைப் போட்டாலே எதிர்முனையில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

66 சொல்வது இதுதான்: பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும், அதுவும் வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேலாக. அந்த "மேலாக" என்ற ஒரு சொல்லில்தான் உங்கள் ஹெச்.ஆர். சொன்ன முதல் வாக்கியம் அடிபடுகிறது. சாப்பாட்டு நேரம் உங்களுக்கு ஏற்கெனவே உள்ளது. அதைக் காட்டி, இதுதான் பால் கொடுக்கும் நேரம் என்று சொன்னால் அவர் எதையும் தரவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் கணக்குப்படி அடுத்த வருடம் ஜூன் 10 வரை, அதாவது சேர்ந்த நாளில் இருந்து பத்து மாதத்துக்கு மேல், இந்த உரிமை உண்டு. இதற்கு 50 பேர் கணக்கும் கிடையாது, காப்பகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. மகப்பேறு அத்தியாயம் பொருந்துகிற நிறுவனம் என்றால் போதும், 80 பேர் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு அதில் சந்தேகமே இல்லை.

எவ்வளவு நேரம்? சட்டம் அதை விதிகளுக்கு விட்டுவிடுகிறது. பழைய சட்டத்தின் கீழ் சுரங்கங்களுக்கும் சர்க்கஸுக்கும் மத்திய அரசு 1963-இல் போட்ட விதிகளில் ஒவ்வொரு இடைவேளையும் 15 நிமிடம். அதோடு, காப்பகத்துக்கோ "வேலை நேரத்தில் குழந்தையை விட்டுவைத்திருக்கும் இடத்துக்கோ" போய்வரப் போதுமான கூடுதல் நேரம் தர வேண்டும், அது 5 நிமிடத்துக்குக் குறையாமலும் 15 நிமிடத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மாநில விதிகளும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவைதான். குழந்தையை விட்டுவைத்திருக்கும் இடம் என்றால் அம்மா வீடாகவும் இருக்கலாம், பக்கத்துத் தெருவில் பார்த்துக்கொள்ளும் ஆயா வீடாகவும் இருக்கலாம். நிறுவனத்தின் காப்பகமாகவே இருக்க வேண்டும் என்று இல்லை.

சரி, இப்போது உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். போய்வருவதற்கு அதிகபட்சம் 15 நிமிடம் என்றால் ஒரு வழிக்கு ஏழரை நிமிடம். உங்கள் வீடு 40 நிமிடம். ஆக ஹெச்.ஆர். நாளைக்கே மனம் மாறி "இரண்டு இடைவேளையும் எடுத்துக்கோங்க" என்று சொன்னாலும் பாப்பாவிடம் உங்களால் போக முடியாது. பெண்கள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள். இடைவேளை கேட்பார்கள், கிடைக்கும், கிடைத்த 15 நிமிடத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள், மூன்றாவது மாதம் பால் வற்றிவிட்டது என்பார்கள். இடைவேளை பயன்பட வேண்டும் என்றால் பாப்பா நடை தூரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் குறைக்கும் பொறுப்பு 67-ஆம் பிரிவில் முதலாளி மேல் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறேன்.

67-இல் உள்ள சொல் "50 ஊழியர்கள்". பெண்கள் என்று இல்லை, தாய்மார்கள் என்றும் இல்லை. (50 அல்லது மத்திய அரசு நிர்ணயிக்கும் எண்ணிக்கை என்று எழுதியிருக்கிறார்கள்.) 80 பேரில் 71 பேர் ஆண்கள் என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. "பெண்கள் 50" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 30-க்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் குழந்தைகள் அறை வேண்டும் என்று இருந்தது, அங்கே எண்ணியது பெண்களைத்தான். இரண்டும் கலந்துபோய் வாய்வழியாக இப்படித் திரிந்துவிட்டது. ஹெச்.ஆர். பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவருக்கு முன்னால் இருந்தவர் சொன்னதைச் சொல்கிறார்.

இதைக் கேட்டதும் நிறுவனம் அடுத்துச் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: "ஒரு குழந்தைக்காகக் காப்பகம் கட்ட முடியுமா?" கட்டச் சொல்லவே இல்லை. தனியாகவும் வைக்கலாம், பொதுவாகவும் வைக்கலாம் என்று பிரிவே சொல்கிறது. அரசு அல்லது நகராட்சி நடத்தும் காப்பகம், தனியார் காப்பகம், தொண்டு நிறுவனம் நடத்துவது, பக்கத்து நிறுவனங்கள் நாலைந்து சேர்ந்து காசு போட்டு நடத்துவது, எல்லாமே செல்லும். உங்களைப் போன்ற 80 பேர் அலுவலகத்துக்கு நடைமுறையில் வருவது பக்கத்தில் இருக்கும் நல்ல தனியார் காப்பகம் ஒன்றோடு ஒப்பந்தம் போடுவதுதான். ஹெச்.ஆருக்கு அலைச்சல் வைக்காமல் நீங்களே அலுவலகத்தைச் சுற்றி ஒரு நாள் நடந்து பார்த்து இரண்டு இடங்களின் பெயரோடு போங்கள், பேச்சு பாதி முடிந்துவிடும்.

"பக்கத்தில்" என்றால் எவ்வளவு? பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல்கள் 500 மீட்டர் என்ற அளவைச் சொல்கின்றன. இது வழிகாட்டுதல்தான், ஆனால் அந்த எண்ணில் ஒரு நியாயம் இருக்கிறது. 500 மீட்டரைச் சாதாரணமாக நடக்க ஆறரை நிமிடம் ஆகும், போய்வர 13. மேலே சொன்ன 15 நிமிடப் பயண நேரத்துக்குள் சரியாக அடங்குகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்பகத்தைக் காட்டினால் பயண நேரத்துக்குள் நடந்து போய்வர முடியாது. அப்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

காப்பகம் வந்துவிட்டால் கூடவே இன்னொரு உரிமை வருகிறது: ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர விட வேண்டும். ஆனால் இங்கே சொல் மாறுகிறது, கவனியுங்கள். பாலூட்டும் இடைவேளை ஓய்வு நேரத்துக்கு மேலாக என்று இருந்தது. இந்த நான்கு முறை ஓய்வு இடைவேளையையும் உள்ளடக்கியது. இரண்டையும் கூட்டி ஆறு முறை என்று சிலர் கேட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள், நிறுவனமும் இதுதான் சாக்கு என்று எல்லாவற்றையும் மறுத்துவிடுகிறது.

உங்கள் நாள் எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டுகிறேன். அலுவலகம் 9:30 முதல் 6:00, சாப்பாடு 1:00 முதல் 1:45 என்று வைத்துக்கொள்வோம். 9:15-க்குப் பாப்பாவைக் காப்பகத்தில் விடும்போது ஒரு முறை கொடுத்துவிடுகிறீர்கள், அது உங்கள் சொந்த நேரம், கணக்கில் வராது. 11:15-க்கு முதல் பாலூட்டும் இடைவேளை: 15 நிமிடமும் நடைக்கு 13-உம், 28 நிமிடம். 1:00 மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது முறை. 3:45-க்கு இரண்டாவது பாலூட்டும் இடைவேளை, மறுபடி 28 நிமிடம். நான்காவது முறையை டீ நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். டீ நேரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 69-ஆம் பிரிவு பாலூட்டும் இடைவேளைக்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று பெயர் சொல்லிக் காக்கிறது, நான்காவது முறையை அப்படிப் பெயர் சொல்லிக் காக்கவில்லை. தேவையில்லாத சண்டை எதற்கு.

பெர்மிஷன் விஷயம் இங்கேதான் வருகிறது. ஒரு நாளைக்கு 56 நிமிடம். பெரும்பாலான அலுவலகங்களில் மாதத்துக்கு இரண்டு மணி நேரம்தான் பெர்மிஷன். இரண்டு நாளில் 112 நிமிடம் போய்விடும், மூன்றாம் நாள் காலையிலேயே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்பதை நான் ஒரு நிறுவனத்தில் கண்ணால் பார்த்தேன். யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை. வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் வெளியே போன நேரத்தைக் கழித்துக்கொண்டே வந்தது. மென்பொருளில் ஒரு நாளில் வேலை நேரம் ஏழரை மணிக்குக் கீழே போனால் அரை நாள் என்று எப்போதோ ஒருவர் அமைத்து வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பத்து நாள் ஆறே முக்கால் மணி நேரம்தான் வந்தது. முதல் மாதச் சம்பளச் சீட்டில் எல்.ஓ.பி., அதாவது சம்பளம் பிடிக்கும் நாட்கள், என்ற கட்டத்தில் 5.0 என்று இருந்தது, பத்து அரை நாள். 32,000 சம்பளத்தில் 5,333 ரூபாய் காணோம். அவர் வருமான வரி பிடித்திருக்கிறார்கள் போல என்று நினைத்து ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டார்.

இது 69-ஆம் பிரிவை நேரடியாக மீறுவது. மென்பொருள் செய்தது என்பதெல்லாம் பதில் ஆகாது. சரி செய்வது கஷ்டமும் இல்லை. வருகைப் பதிவில் "பாலூட்டும் இடைவேளை" என்று சம்பளத்தோடு கூடிய ஒரு தனி வகையை உருவாக்கி, உங்கள் பெயரில் ஜூன் 10 வரை போட்டுவிட்டால் முடிந்தது. சேருவதற்கு முன்பே இதைக் கேளுங்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் எல்.ஓ.பி. கட்டத்தையும், உள்ளே வெளியே போன நேரப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எடுத்துக்கோங்க, ஆனா சாயங்காலம் ஒரு மணி நேரம் இருந்து ஈடு பண்ணிடுங்க" என்று இன்னொரு வழியும் உண்டு. வேலை நேரத்துக்குள் தர வேண்டிய இடைவேளையை வேலை நேரத்தை நீட்டித் தருவது தருவதே ஆகாது என்பது என் கருத்து. எதிர்ப்பக்கமாக, இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறேன் என்று பெண்களே கேட்பதும் உண்டு. இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் அதில் தப்பில்லை, ஆனால் நான்கரை மாதக் குழந்தை இருக்கும்போது நான் அதைச் சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரம் மார்பில் பால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று முதல் பிள்ளையின்போது நான் அனுபவித்தேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் கல் மாதிரி ஆகி, தொட்டால் சுட்டது, இரவில் குளிர் காய்ச்சல். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே "எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கிறீங்க?" என்பதுதான்.

உங்களுக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது, தேதியைப் பார்த்ததும் பட்டது. ஜூலை 28 அன்று பாப்பாவுக்கு நாலரை மாதம்தான். பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே விடுப்பில் போனதால் 26 வாரத்தில் பிறகு மிஞ்சியது 20 வாரம். நான் சொன்ன 2018 வழிகாட்டுதல்களோ ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு என்று எழுதியவை. 67-ஆம் பிரிவில் அப்படிக் கீழ்வயது எதுவும் இல்லை, ஆனால் பல தனியார் காப்பகங்கள் ஆறு மாதத்துக்கு முன் எடுக்க மாட்டோம் என்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆக செப்டம்பர் 10 வரை சுமார் ஆறு வாரம் இடைவெளி. அதற்கு வீட்டிலிருந்து வேலை கேளுங்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்று 60(5)-இல் இருக்கிறது. "அனுமதிக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "வேண்டும்" என்று இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டியது. கணக்கு வேலை என்பதால் ஆறு வாரம் என்று தேதி போட்டுக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம், காலவரை இல்லாமல் கேட்டால் அநேகமாகக் கிடைக்காது.

அதுவும் கிடைக்காவிட்டால் அந்த ஆறு வாரம் பாலை எடுத்து வைப்பதுதான் வழி. சட்டத்தில் "குழந்தைக்குப் பாலூட்ட" என்றுதான் இருக்கிறது, பம்ப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அறை வேண்டும் என்றும் அந்தப் பிரிவில் இல்லை. அதனால் உரிமை என்று அடித்துப் பேசாமல், இதே இரண்டு இடைவேளையைப் பால் எடுக்கப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்று எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அறைக்கு நான்கே விஷயம் கேளுங்கள்: உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், சாய்ந்து உட்கார நாற்காலி, மின் இணைப்பு, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். தாழ்ப்பாள்தான் முக்கியம். நான் கலந்தாய்வு அறையில் பம்ப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரொஜெக்டரைத் தேடி ஒருவர் கதவைத் திறந்தார், அவர் பாவம் என்னைவிட அதிகமாகப் பதறினார், அன்றைக்கு அப்புறம் ஒரு சொட்டு வரவில்லை. கழிவறையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது குழந்தை சாப்பிடப் போகிற பொருள். எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் மத்தியானத்துக்கு அதை நம்ப வேண்டாம். உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வீட்டுக்குப் போகும்போது ஐஸ் கட்டிப் பையில் எடுத்துப் போங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். இவ்வளவு போதும்:

"நான் ஜூலை 28 பணிக்குத் திரும்புகிறேன். என் குழந்தை பிறந்த தேதி மார்ச் 10. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020, பிரிவு 66-இன்படி அடுத்த ஆண்டு ஜூன் 10 வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை 11:15-க்கும் 3:45-க்கும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பிரிவு 69-இன்படி இந்த நேரத்துக்குச் சம்பளப் பிடித்தம் ஆகாதபடி வருகைப் பதிவில் தனி வகை அமைத்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். பிரிவு 67-இன்படி 50 ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனம் என்பதால் காப்பக ஏற்பாடு என்ன என்பதையும், அதன் கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் தெரிவிக்கவும்."

கட்டணம் பற்றிய வரியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். காப்பக வசதி இருக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு, மாதக் கட்டணம் யார் தலையில் என்று சொல்லவில்லை. நிறுவனமே முழுதாகக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன், பாதி பாதியாகப் பிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். கேட்காவிட்டால் மொத்தமும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நேரில் பேசினாலும் "இன்று பேசியபடி" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் பதிலே இல்லை அல்லது சம்பளம் பிடித்துவிட்டார்கள் என்றால், மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கலாம். கடிதத்தின் நகல், சம்பளச் சீட்டு, நேரப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், இந்த நான்கும் போதும். என் அனுபவத்தில் அங்கே போவதற்கு முன்பே, எண்களோடு எழுதிய அந்த முதல் மின்னஞ்சலிலேயே பெரும்பாலும் காரியம் ஆகிவிடுகிறது, ஏனென்றால் ஹெச்.ஆர். அதைத் தணிக்கை பார்ப்பவரிடம் காட்டுவார், அவர் "கொடுத்துடுங்க" என்பார்.

இன்னொன்று, ஜூன் 10 ஆனதும் எல்லாம் முடிந்தது என்று அவர்கள் காப்பக ஒப்பந்தத்தையும் சேர்த்து நிறுத்தப் பார்ப்பார்கள். 15 மாதக் கெடு 66-க்கு மட்டும்தான். காப்பகத்துக்கும் அந்த நான்கு முறைக்கும் 67-இல் அப்படி ஒரு கெடு இல்லை.